பாடகர் குரல் எங்கே போனது? ஹெட்செட் பின்னில் இருக்கும் விடை

"பழைய போனோடு வந்த வயர் ஹெட்செட்டைப் புது போனில் செருகினால் இசை கேட்கிறது, பாடகர் குரல் மட்டும் அடங்கிப்போகிறது. கால் பேசினால் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கிறதாம். பழைய போனில் இன்றும் நன்றாக வேலை செய்கிறது. கோளாறு எதில்?"

இரண்டிலுமே கோளாறு இல்லை. பின்னில் உள்ள இரண்டு இணைப்புகள் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

பின்னை எடுத்துப் பாருங்கள். மூன்று கோடுகள் தெரியும், பெரும்பாலும் கறுப்பாக. பலரும் அந்தக் கோடுகள்தான் வேலை செய்கின்றன என்று நினைக்கிறார்கள். அவை மின்சாரத்தைக் கடத்தாத வெறும் பிளாஸ்டிக் தடுப்புகள். அவற்றுக்கு இடையில் இருக்கும் நான்கு உலோகத் துண்டுகள்தான் இணைப்புகள். நுனி இடது காதுக்கு, அடுத்த வளையம் வலது காதுக்கு. இதுவரை உலகம் முழுக்க ஒரே முறை. மீதி இரண்டில் ஒன்று மைக், இன்னொன்று கிரவுண்ட், அதாவது எல்லா மின்னோட்டமும் திரும்பிப் போகும் பொதுவான வழி. சிக்கல் இங்கேதான் வருகிறது.

சி.டி.ஐ.ஏ. என்ற முறையில் மூன்றாவது துண்டு கிரவுண்ட், அடிப்பகுதி மைக். ஓ.எம்.டி.பி. என்ற முறையில் இது தலைகீழ்: மூன்றாவது மைக், அடிப்பகுதி கிரவுண்ட். ஐபோன் முதலிலிருந்தே சி.டி.ஐ.ஏ. முறையில்தான் வந்தது; இன்றைய ஆண்ட்ராய்டு போன்களும் பெரும்பாலும் அப்படியே. 2010-ஐ ஒட்டி வந்த நோக்கியா, சோனி எரிக்சன் போன்கள் பலவற்றில் ஓ.எம்.டி.பி. இருந்தது. வெளிப்பார்வைக்கு இரண்டு பின்னும் ஒன்றுபோலவே இருக்கும். கோட்டின் நிறத்தை வைத்துச் சொல்லலாம் என்பார்கள், நம்ப வேண்டாம்.

சரி, குரல் மட்டும் ஏன் மறைகிறது? முறை மாறிப்போனால் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சரியான கிரவுண்ட் கிடைப்பதில்லை. அப்போது இடது பக்கத்திலிருந்து வரும் மின்னோட்டம் வலது பக்கத்தின் வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். பாடகர் குரலை இரண்டு பக்கமும் சம அளவில் பதிவு செய்திருப்பார்கள். ஒரு கதவை இரண்டு பேர் இரு பக்கமும் ஒரே பலத்தோடு தள்ளினால் அசையாதல்லவா? அதேபோல அந்தக் குரலுக்கு மின்னோட்டமே ஓடாது. இடத்திலும் வலத்திலும் வேறுபட்டு ஒலிக்கும் வயலின், தாளம் போன்றவை மட்டும் தப்பி வருகின்றன.

மைக்கின் கதையும் இதுதான். ஹெட்செட் மைக்குக்குப் போன் ஒரு சிறிய மின்னழுத்தம் கொடுத்து, அந்த வழியில் ஆயிரம் ஓம் அல்லது அதற்கு மேல் தடை இருந்தால் 'மைக் இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளும். இடம் மாறிய பின்னில் அங்கே ஸ்பீக்கர்களின் குறைந்த தடைதான் இருக்கும். 'இது மைக் இல்லாத ஹெட்போன்' என்று முடிவு செய்து, போன் தன் சொந்த மைக்கையே பயன்படுத்தும். போன் உங்கள் சட்டைப் பையில் இருக்கும். அதனால்தான் கிணற்றுக் குரல்.

சந்தேகத்தைத் தீர்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. பாட்டை ஓடவிட்டு, ஹெட்செட் வயரில் உள்ள பட்டனை அழுத்திப் பிடியுங்கள். அந்தப் பட்டன் மைக்கையும் கிரவுண்டையும் ஒன்றாக இணைத்துவிடும் என்பதால், அழுத்தியிருக்கும்வரை பாடகர் குரல் முழுதாகத் திரும்பி வந்தால் முறை மாறியிருக்கிறது என்பது உறுதி. மாறாகப் பாட்டு நின்றுபோனால் போன் பட்டனைச் சரியாக அடையாளம் கண்டுவிட்டது. பின்னின் முறை பொருந்துகிறது, காரணம் வேறு.

மல்டிமீட்டர் இருப்பவர்கள் ஓம் அளவில் வைத்து ஒரு முனையை நுனியிலும், மறுமுனையை மூன்றாவது துண்டிலும் தொடலாம். 16 முதல் 32 ஓம் அளவில் காட்டி, இடது காதில் லேசாக 'டிக்' என்று கேட்டால் மூன்றாவதுதான் கிரவுண்ட், அதாவது சி.டி.ஐ.ஏ. அடிப்பகுதியைத் தொடும்போது இப்படி நடந்தால் ஓ.எம்.டி.பி.

தீர்வு எளியது. மைக்கையும் கிரவுண்டையும் இடம் மாற்றித் தரும் குட்டி அடாப்டர் கிடைக்கிறது. வாங்கும்போது வெறும் 'ஹெட்செட் அடாப்டர்' என்று கேட்காதீர்கள், நீட்டிப்பு வயரையோ இரண்டாகப் பிரிக்கும் வயரையோ கொடுத்துவிடுவார்கள். 'ஓ.எம்.டி.பி.யிலிருந்து சி.டி.ஐ.ஏ.' என்று சொல்லியே கேளுங்கள்.

வேறு அறிகுறிகளோடு இதைப் படிப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பின்னில் இரண்டு கோடுகள்தான் என்றால் அது பெரும்பாலும் மைக்கே இல்லாத ஹெட்போன், எந்த அடாப்டரும் உதவாது. மூன்று கோடுகள் இருந்தும், பாட்டு நன்றாகக் கேட்டும் மைக் மட்டும் வேலை செய்யவில்லையா? முதலில் போனின் உறையைக் கழற்றிவிட்டு மறுபடி செருகிப் பாருங்கள். தடித்த உறையோ, ஓட்டைக்குள் சேர்ந்த பஞ்சோ பின்னை முழுதாக உள்ளே போகவிடாமல் தடுத்தால் மைக் தொடர்பு கெடலாம். பஞ்சை எடுக்க ஊசி வேண்டாம், போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்ல எடுங்கள்.