குழுவில் ஒருவர் இறந்தால் அதை எப்படிச் சொல்வது?

*கேள்வி: டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறேன், 160 பேர் இருக்கிறோம். எல்லோரிடமும் பாசமாகப் பேசும் ஒரு அக்கா நேற்று இரவு இறந்துவிட்டார். போன வருடம் இப்படி ஒரு செய்தி போட்டபோது குழுவே கலங்கி, சண்டையாகவும் ஆகிவிட்டது. இந்த முறை எப்படிச் சொல்லட்டும், பின்னால் வரும் பதில்களை எப்படிச் சமாளிக்கட்டும்?*

முதலில் அக்காவின் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். யாரோ சொன்னார்கள் என்று ஒருவர் இறந்ததாகச் செய்தி போட்டு, அவர் ஐ.சி.யூ.வில் உயிரோடு இருந்த சம்பவம் எனக்கே தெரியும். மகனோ கணவரோ, வீட்டு ஆள் ஒருவர் வாயால் கேட்டுக்கொண்டு மூன்று விஷயங்களுக்குச் சம்மதம் வாங்குங்கள்: குழுவில் சொல்லலாமா, காரணத்தைச் சொல்லலாமா, எடுக்கும் நேரத்தையும் முகவரியையும் போடலாமா. காரணத்தைச் சொல்ல வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். துக்க வீட்டில் நீண்ட பேச்சு வேண்டாம், இரண்டு நிமிடம் போதும்.

அப்புறம், அக்காவோடு ஒரே ஷிஃப்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள், தினமும் அவரோடு பேசியவர்கள் என்று இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களுக்குக் குழுவில் வருவதற்கு முன்பே போனில் சொல்லிவிடுங்கள். 160 பேரோடு சேர்ந்து ஸ்க்ரீனில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலைமை அவர்களுக்கு வரக்கூடாது.

நேரம் முக்கியம். இரவு 10 மணிக்கு மேல் போடவே போடாதீர்கள். டயாலிசிஸ் நோயாளிகளில் பலருக்குத் தூக்கம் சரியாக இருக்காது, வீடே தூங்கும்போது அவர் மட்டும் இந்தச் செய்தியோடு விழித்துக் கிடப்பார். காலையில் போட்டால் சிலர் நாற்காலியில் ஊசியோடு இருக்கும்போது படிப்பார்களே என்று கேட்பீர்கள். படிக்கட்டும், அங்கே பக்கத்தில் நர்ஸ் இருக்கிறார், தனியாக இல்லை. ஆனால் நம் ஊரில் மறுநாளே எடுத்துவிடுவார்கள் என்பதால் அதிகம் தள்ளிப்போடவும் முடியாது. காலை 7 மணி சரியான நேரம், போட்ட பிறகு இரண்டு மணி நேரமாவது நீங்கள் போனைக் கீழே வைக்காமல் இருக்க முடிந்தால்.

இனி வார்த்தை. நாளிதழ்ச் செய்தியைப் படித்துப் பழகிய நமக்கு "சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார்" என்ற வரிதான் கைக்கு வரும். அதை மட்டும் எழுதாதீர்கள். அதே சிகிச்சையை வாரம் 3 நாள், நாளுக்கு 4 மணி நேரம் எடுத்துக்கொண்டிருப்பவர் அதைப் படித்தால் "நாம் செய்வதும் பலனில்லை" என்றுதான் எடுத்துக்கொள்வார். "கடைசி வரை போராடித் தோற்றார்" என்பதும் அப்படித்தான். நான் எழுதியிருந்தால் இப்படி எழுதுவேன்:

"நம் அக்கா நேற்று இரவு காலமாகிவிட்டார். அவருடைய மகனிடம் பேசினேன், அவர் சம்மதத்தோடு இதைச் சொல்கிறேன். அக்காவுக்குச் சில வருடங்களாக இதய நோயும் இருந்தது. மாரடைப்பு என்று மருத்துவர் சொன்னதாக மகன் சொன்னார். இன்று மாலை 4 மணிக்கு எடுக்கிறார்கள். இன்று டயாலிசிஸ் உள்ளவர்கள் தயவுசெய்து அதை விட்டுவிட்டு வர வேண்டாம், காரியத்துக்கு வரலாம் என்று வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள். 9 மணி வரை நான் இங்கே இருக்கிறேன், தனியாகப் பேச வேண்டும் என்றால் கூப்பிடுங்கள்."

டயாலிசிஸை விட்டுவிட்டு வராதீர்கள் என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு முறை விட்டால் வரும் நீண்ட இடைவெளியில் பொட்டாசியமும் நீரும் உடம்பில் தேங்கினால் என்ன ஆகும் என்று உங்கள் குழுவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் துக்கத்தில் அது மறந்துபோகும்.

இப்போது பதில்கள். ஐம்பது "ஆழ்ந்த இரங்கல்", கைகூப்பிய படம் எல்லாம் வரும், வரட்டும், அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டாம். உங்கள் வேலை வேறு இடத்தில் இருக்கிறது.

அரைமணி நேரத்துக்குள் ஒருவர் "அக்காவுக்கு கிரியேட்டினின் எவ்வளவு இருந்தது, எத்தனை வருடமாக டயாலிசிஸ்?" என்று கேட்பார். வம்பு என்று நினைத்து அதட்டிவிடாதீர்கள். அவர் அக்காவைப் பற்றிக் கேட்கவில்லை, "எனக்கு இன்னும் எவ்வளவு காலம்?" என்று கேட்கிறார். "குடும்பம் சொன்னது அவ்வளவுதான். உங்கள் இதயத்தைப் பற்றிக் கவலை இருந்தால் அடுத்த டயாலிசிஸ் அன்று டாக்டரிடம் எக்கோ பற்றிக் கேளுங்கள்" என்று சொல்லலாம். "உங்களுக்கு அப்படி வராது" என்று மட்டும் சொல்லாதீர்கள். டயாலிசிஸ் நோயாளிகளில் இதயக் கோளாறால் இறப்பவர்கள்தான் அதிகம், குழுவில் பாதிப் பேருக்கு அது தெரியும். பொய் சொன்னால் நாளைக்கு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள்.

பெரிய ஆபத்து ஊகம். நான் சமூகப் பணியாளராக இருந்தபோது ஒரு குழுவில் இதே போன்ற மரணத்தை இரவு 11 மணிக்கு "சிகிச்சை பலனின்றி" என்று போட்டார்கள். ஒருவர் பொட்டாசியம் என்றார், இன்னொருவர் அந்த சென்டரில் ஊசி சரியில்லை என்றார், காலையில் சென்டரின் பெயரோடு பழி பரவியிருந்தது. இறந்தவரின் மகள் அம்மாவின் போனில் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தார். உண்மைக் காரணம் இரண்டுமில்லை. மறுநாள் அதே சென்டரில் இரண்டு பேர் டயாலிசிஸுக்கு வரவில்லை, ஒருவரை மூச்சுத்திணறலோடுதான் கொண்டுவந்தார்கள்.

அதனால் ஊகமும் பழியும் வந்தால் அட்மின் உரிமையில் நீக்குங்கள். ஆனால் நீக்கியது உங்கள் பெயரோடு எல்லோருக்கும் தெரியும், எழுதியவருக்கு அவமானமாகிவிடும். முதலில் அவருக்குத் தனியாக "அக்காவின் வீட்டார் இதைப் படிக்கிறார்கள், நீங்களே எடுத்துவிடுங்கள்" என்று எழுதிப் பத்து நிமிடம் கொடுங்கள். மருத்துவமனை மேல் நியாயமான புகார் இருந்தால் அதைச் செய்ய வேண்டியது குடும்பம், குழு அல்ல என்று ஒரே வரியில் சொல்லி நிறுத்துங்கள். "டயாலிசிஸே வேண்டாம், இந்த மருந்தைக் குடியுங்கள்" என்று வரும் பதிவுக்கு மட்டும் இந்தப் பத்து நிமிடம் கிடையாது, பார்த்ததும் நீக்கிவிடுங்கள். இரவு 9 மணிக்கு, அட்மின் மட்டும் அனுப்பலாம் என்ற அமைப்புக்கு மாற்றி, காலை 7 மணிக்குத் திறந்துவிடுவேன் என்றும் எழுதுங்கள். பகல் முழுக்க மூடி வைக்காதீர்கள், அப்படிச் செய்தால் பேச்செல்லாம் உங்கள் கண்ணுக்குத் தெரியாத சின்னக் குழுக்களுக்குப் போய்விடும்.

"அடுத்தது நான்தான்", "இதையெல்லாம் நிறுத்திவிடலாம் போல இருக்கிறது" என்று யாராவது எழுதினால், குழுவில் ஆறுதல் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே போன் போடுங்கள். "டயாலிசிஸை நிறுத்த நினைக்கிறீர்களா, உயிரை விட நினைக்கிறீர்களா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் வீட்டில் ஒருவரைக் கூட இருக்கச் சொல்லுங்கள், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசுவார்கள். வழக்கமாகப் பேசிக்கொண்டே இருந்து அன்றைக்கு மட்டும் ஒன்றுமே எழுதாதவர்களையும் கவனியுங்கள். அடுத்த இரண்டு நாளில் அவர்களிடம் "டயாலிசிஸ் போய்விட்டு வந்தீர்களா?" என்று மட்டும் கேட்டால் போதும்.

கடைசியாக, அக்காவின் எண். அன்றைக்கே குழுவிலிருந்து எடுத்துவிடாதீர்கள், வீட்டார் மனம் உடைந்துபோகும். காரியம் முடிந்த பிறகு மகனிடம் கேட்டுவிட்டு எடுங்கள். விட்டுவைக்கவும் கூடாது, ஏனென்றால் அந்த போன் இப்போது வேறு ஒருவர் கையில் இருக்கிறது, 160 பேரின் நோய் விவரமும் அவர் கண்ணில் படும். சிம் துண்டிக்கப்பட்டால் குறைந்தது 90 நாள் கழித்து அதே எண்ணை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடவும் முடியும். எடுப்பதற்கு முன், அக்காவைப் பற்றி எல்லோரும் எழுதியதை மகனுக்கு அனுப்பிவைக்கட்டுமா என்று கேட்டுப் பாருங்கள்.