பதிவேட்டில் இருக்கிறது, அலமாரியில் இல்லை

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் சேர்க்கைப் பதிவேடு 3,412ஆம் எண் வரை போகிறது. அலமாரியில் அவ்வளவு இல்லை என்று பார்த்தாலே தெரிகிறது. ஏழு வருஷமாக யாரும் சரிபார்க்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது? தொலைந்த புத்தகத்தின் எண்ணைப் புதுப் புத்தகத்துக்குக் கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்கக் கூடாது. 1,207ஆம் எண் புத்தகம் காணவில்லை என்று அந்த எண்ணைப் புதிதாக வந்த நாவலுக்கு எழுதிவிட்டீர்கள் என்று வையுங்கள். ஆறு மாதம் கழித்து யாரோ வீட்டைச் சுத்தம் செய்யும்போது கிடைத்த பழைய 1,207ஐக் கொண்டு வந்து தருவார். அன்றிலிருந்து உங்களிடம் இரண்டு 1,207. இரவல் ஏட்டில் அந்த எண்ணைப் பார்ப்பவருக்கு எது போயிருக்கிறது, எது வந்திருக்கிறது என்று பிடிபடாது. அடுத்து வரும் புத்தகம் 3,413தான். இடையில் எண்கள் விடுபட்டுக் கிடப்பதில் குறை ஒன்றும் இல்லை. பதிவேட்டின் கடைசி எண், இதுவரை வந்து சேர்ந்தவை எத்தனை என்றுதான் சொல்கிறது; இன்று கையில் இருப்பவை எத்தனை என்று சொல்வதில்லை.

முதலில் பதிவேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கடைசிப் பத்தியில் 'நீக்கம்' என்று தேதியும் கையெழுத்தும் இட்டுக் கழிக்கப்பட்டவற்றை எண்ணுங்கள். எடுத்துக்காட்டாக அவை 86 என்றால், இருக்க வேண்டியவை 3,412இல் 86 போக 3,326. இந்தக் கணக்கு தெரியாமல் அலமாரியைத் தொட வேண்டாம்.

பலரும் தடுக்கி விழும் இடம் அடுத்தது. பதிவேட்டைத் திறந்து வைத்து ஒவ்வொரு எண்ணாக அலமாரியில் தேடப் போவார்கள். பதிவேடு வந்த வரிசையில் இருக்கிறது, அலமாரியோ பொருள் வரிசையில் இருக்கிறது. பத்து எண் முடிவதற்குள் அலுத்துப்போகும். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். ஒரு தாளில் பத்துக்குப் பத்தாக நூறு கட்டம் போட்டு 1 முதல் 3,412 வரை எண்களை மட்டும் எழுதுங்கள். 35 தாள் ஆகும். ஒருவர் அலமாரியின் முதல் தட்டிலிருந்து புத்தகத்தை எடுத்து எண்ணையும் தலைப்பின் முதல் இரண்டு சொல்லையும் வாசிக்கட்டும். இரண்டாமவர் அந்தக் கட்டத்தில் கோடு போடட்டும். மூன்றாமவர் இருந்தால் பதிவேட்டைத் திறந்து தலைப்பு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். ஆள் குறைவென்றால், ஒரு கட்டத்தில் இரண்டாவது கோடு விழும்போது மட்டும் பதிவேட்டைப் பார்த்தால் போதும்.

இரண்டாவது கோடு விழுந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கையெழுத்தில் 1, 7 ஆகவோ 3, 8 ஆகவோ வாசிக்கப்பட்டிருக்கும். அல்லது முன்பு யாரோ ஒரே எண்ணை இரு புத்தகத்துக்கு எழுதியிருப்பார்கள். பதிவேட்டில் எந்தத் தலைப்பு இருக்கிறதோ அதற்கே அந்த எண். மற்றதற்குப் பதிவேட்டில் வேறு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது 3,413க்குப் போகும். உங்கள் பக்கம் மலையாளப் புத்தகங்களும் அலமாரியில் இருக்கும். அந்தத் தட்டுக்கு மலையாளம் வாசிக்கத் தெரிந்தவரை நிறுத்துங்கள். தலைப்பை வாசிக்காமல் எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டே போனால் இந்தப் பிழைகள் அப்படியே தங்கிவிடும்.

முதுகுச் சீட்டை நம்ப வேண்டாம். ஈரக்காற்றில் அது உரிந்து பக்கத்துப் புத்தகத்தில் ஒட்டிக்கொள்ளும். தலைப்புப் பக்கத்தின் பின்புறமும், 25ஆம் பக்கம் போல எல்லாப் புத்தகத்துக்கும் பொதுவாக வைத்துக்கொண்ட ரகசியப் பக்கத்திலும் எழுதிய எண்ணே எண். ரகசியப் பக்கம் உங்களிடம் இல்லையென்றால், புத்தகம் கையில் இருக்கும் இந்த வேளையிலேயே முத்திரையும் எண்ணும் இட்டுவிடலாம்.

எண்ணும் நாட்களில் இரவல் கொடுப்பதை நிறுத்துங்கள். முடியாதென்றால், திரும்பி வருபவற்றைத் தனி மேசையில் வைத்து, அலமாரி முழுதும் முடிந்த பிறகு எண்ணுங்கள். பிப்ரவரி மாதம் தோதானது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், ஜூன் மழைக்கு இன்னும் நாள் இருக்கும். கீழ்த்தட்டைக் காலி செய்து கரையான் ஏறியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

அலமாரி முடிந்ததும் இரவல் ஏட்டை எடுங்கள். இந்த ஒரு வருடத்துக்குள் போனவற்றுக்கு மட்டும் கட்டத்தில் 'இ' போடுங்கள். அதற்கு முன்பு போய் வராதவற்றை இருப்பில் சேர்க்காதீர்கள். ஏட்டில் பெயர் இருக்கிறது என்பதற்காக அவற்றை 'வெளியே இருக்கிறது' என்று காட்டிக்கொண்டே போவதில்தான் பாதி இழப்பு மறைந்துபோகிறது. பைண்டிங்குக்குப் போனவற்றுக்கு 'பை'.

அலமாரியில் கோடு விழுந்த கட்டங்கள் 3,017, இரவல் 141, பைண்டிங் 22 என்று வருவதாக வைத்துக்கொண்டால் மொத்தம் 3,180. இருக்க வேண்டியது 3,326. ஆக, இல்லாதவை 146. புத்தகங்களை எண்ணாமல் கோடு விழுந்த கட்டங்களை எண்ணுவது ஏனென்றால், இரட்டை எண் இருந்தால் புத்தகக் கணக்கு கூடுதலாகக் காட்டும்.

கணினியில் செய்ய விரும்பினால், எக்செல்லில் A பத்தியில் 2ஆம் வரிசை தொடங்கி எல்லா எண்களையும், B பத்தியில் அலமாரியில் கிடைத்தவை, 'இ', 'பை' போட்டவை ஆகிய எண்களையும் அடித்து, C பத்தியில் இதை இட்டுக் கீழே இழுங்கள்:

```
=COUNTIF(B:B,A2)
```

0 வந்தால் அந்தப் புத்தகம் கிடைக்கவில்லை, 2 வந்தால் இரட்டை எண். ஏற்கெனவே நீக்கியவையும் 0 என்றே காட்டும். அவற்றைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

146ஐயும் உடனே தொலைந்தவை என்று எழுதிவிட வேண்டாம். எண், தலைப்பு, கடைசியாக எடுத்தவர் பெயர் மூன்றையும் பட்டியலாக்கி இரண்டு வாரம் தேடுங்கள். தட்டின் பின்புறம் விழுந்தவை, வேறு பொருளில் செருகப்பட்டவை, பழைய உறுப்பினர் வீட்டில் கிடப்பவை என்று 38 கிடைத்தால் மீதி 108. இந்த 108க்கும் பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் ஆண்டைப் போட்டுப் பென்சிலால் 'காணவில்லை' என்று எழுதுங்கள். மையால் எழுதும் நேரம் இன்னும் வரவில்லை.

இந்த அளவு அதிகமா என்று கேட்பார்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் நூலகத்துக்கென ஓர் அளவு இருக்கிறது: ஒரு வருடத்தில் இரவல் போனதும் அங்கேயே வாசிக்கப்பட்டதுமான ஆயிரம் புத்தகத்துக்கு ஐந்து தொலைவது இயல்பு, நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமில்லை என்றால். ரூ.1,000க்கு மேல் விலையுள்ளதும் அரிய புத்தகமும் தொலைந்தால் விசாரித்தே ஆக வேண்டும். 20,000 வரை புத்தகம் உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு என்பதும் அங்கேதான் வருகிறது. இந்த விதிகள் உங்கள் படிப்பகத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் செயற்குழுவில் காட்ட ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஆண்டுக்கு 2,400 புத்தகம் புழங்கினால் 12 வரை இயல்பு. உங்கள் 108 ஏழு வருடத்துக் கணக்கு, ஆண்டுக்கு 15 ஆகிறது. பதறும் அளவு இல்லை. ஆனால் பட்டியலைப் பொருள்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். பாதி போட்டித் தேர்வு வழிகாட்டிகள் என்று தெரிந்தால், அவற்றைப் பொறுப்பாளர் மேசைக்கு அருகில் மாற்றி, அங்கேயே வாசிக்க மட்டும் கொடுப்பதுதான் தீர்வு. பரவலாகப் போயிருந்தால் இரவல் ஏட்டில்தான் ஓட்டை.

அடுத்த ஆண்டுச் சரிபார்ப்பிலும் அதே எண் கிடைக்கவில்லையென்றால் மட்டும் நீக்கலாம். செயற்குழுத் தீர்மானத்தில் எண்களையும் விலையையும் முழுதாக எழுதி, தீர்மான எண்ணையும் தேதியையும் பதிவேட்டில் அந்தந்த வரியில் சிவப்பு மையால் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வரியை அடிக்கவோ வெள்ளை மை பூசவோ கூடாது. தலைப்பு வாசிக்கும்படி இருக்க வேண்டும். நீக்கிய பிறகு புத்தகம் திரும்பி வந்தால் அதற்குப் புது எண் போடாதீர்கள். பழைய வரியிலேயே 'மீண்டும் வந்தது' என்று தேதியிட்டு, அந்த ஆண்டின் நீக்கக் கணக்கில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.