மூணு மாசமா வட்டி சரியா வருது, இன்னும் 5 லட்சம் போடலாமா?

"ஒரு நிறுவனத்துல 1 லட்சம் போட்டேன். மாசம் 10,000 வங்கிக் கணக்குக்கே வந்துடுது. மோசடின்னா எப்படிங்க காசு வரும்?"

மோசடி என்பதால்தான் வருகிறது. உங்களுக்கு வந்த 30,000 பெரும்பாலும் உங்களுக்குப் பின் சேர்ந்தவர்கள் கட்டிய பணம். உங்களை இன்னும் 5 லட்சம் போட வைக்க அந்த நிறுவனத்துக்கு ஆன செலவு அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போடுங்கள். தொழிலே இல்லாத நிறுவனத்தில் 100 பேர் ஆளுக்கு 1 லட்சம் கட்டியிருக்கிறார்கள். மாத வட்டி 10 லட்சம். கையிருப்பைத் தொடாமல் அதைக் கொடுக்கப் புதிதாக 10 பேர் வேண்டும். அடுத்த மாதம் அந்தப் பத்துப் பேருக்கும் சேர்த்து 11 பேர். இப்படியே போனால் ஓராண்டில் மொத்தம் 314 பேர், ஐந்தாண்டில் 30,000 பேருக்கு மேல். ஏஜென்ட் கமிஷன், முதலாளியின் கார் எல்லாம் தனி. ஆள் சேர்வது குறைந்தாலோ, நாலு பேர் அசலைக் கேட்டாலோ முடிந்தது.

1920-இல் பாஸ்டனில் சார்லஸ் போன்சி 45 நாளில் 50% தருவதாகச் சொன்னார். வெளிநாட்டில் மலிவாக வாங்கி அமெரிக்காவில் தபால்தலையாக மாற்றும் அஞ்சல் கூப்பன் வியாபாரம் என்றார். வாங்கிய பணத்துக்கு 16 கோடி கூப்பன் வேண்டும். புழக்கத்தில் இருந்ததோ சுமார் 27,000.

சரி, இப்போது அசலை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். "இன்னும் ஆறு மாதம் விட்டால் போனஸ்" என்று இழுத்தால், ரசீதுகளோடு பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போங்கள்.