ஆய்வேட்டில் சர்வே, நேர்காணல் என்ற இரண்டு ஆய்வு முறைகளும் ஏன் தேவை என்பதை எப்படி எழுதுவது?

"செவிலியர்கள் வேலையை விட நினைப்பது பற்றி முதலில் சர்வே, பிறகு நேர்காணல். 'இரண்டும் சேர்ந்தால் முழுமையான புரிதல் கிடைக்கும்' என்று எழுதினேன், வழிகாட்டி அடித்துவிட்டார்."

அடித்தது சரிதான். அந்த வரி எந்த ஆய்வேட்டிலும் ஒட்டும். ஒன்றை எடுத்துவிட்டால் எந்தக் கேள்வி பதிலில்லாமல் நிற்கும் என்று எழுதுங்கள். இரவுப் பணி கூடக் கூட விலகும் எண்ணமும் கூடுகிறதா, எவ்வளவு என்பதை சர்வே சொல்லும். ஆனால் இரவுப் பணி அதிகமிருந்தும் விலக நினைக்காதவர்கள் நிச்சயம் சிலர் இருப்பார்கள். அவர்களைப் பிடித்து வைத்திருப்பது எது? கேள்வித்தாளில் நீங்கள் யோசிக்காத காரணம் எண்ணில் வராது. நேர்காணல் மட்டும் போதுமா என்றால், அந்த விதிவிலக்குகள் யார் என்றே தெரியாது.

அப்புறம், சர்வேயும் நேர்காணலும் எங்கே இணைகின்றன என்பதையும் காட்டுங்கள். நேர்காணலுக்கு ஆட்களை சர்வே மதிப்பெண்ணை வைத்துத்தான் தேர்வு செய்கிறீர்கள் என்றால், அந்த விதியை எழுதுங்கள். பெயரே இல்லாத சர்வே என்றால் இது முடியாது. மறுதொடர்புக்கான ஒப்புதலும் அடையாளக் குறியீடும் கேள்வித்தாளிலேயே இருக்க வேண்டும், நெறிமுறைக் குழு விண்ணப்பத்திலும்தான்.