கல்யாணப் பந்தியில் இனிப்பு: இலையில் எதிலிருந்து தொடங்குவது?

"அடுத்த வாரம் மச்சினன் மகள் கல்யாணம். சர்க்கரை நோய்க்குக் காலையில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் போடுகிறேன். இலையில் ஜாங்கிரியைப் பார்த்தாலே குற்ற உணர்ச்சி. என்ன செய்யலாம்?"

ஐயா, ஜாங்கிரியைச் சாப்பிடுங்கள், ஆனால் கடைசியில். இலையில் முதலில் விழுவது இனிப்புதான். அதை அப்படியே ஓரமாக விட்டுவிட்டு கூட்டு, பொரியல், அவியலை முதலில் முடியுங்கள். நார்ச்சத்து முன்னே போனால் பின்னால் வரும் மாவுச்சத்து ரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறும். பிறகு சாம்பாருக்கு ஒரு கரண்டி சோறு. ரசத்துக்கு இரண்டாம் முறை சோறு வரும்போது கையை இலைமேல் மறித்து வையுங்கள். ரசத்தைத் தம்ளரில் வாங்கிக் குடிக்கலாம். அந்தச் சோற்றை விட்ட இடத்தில்தான் பாதி ஜாங்கிரி உட்காருகிறது. பாயசமும் வேண்டுமென்றால் இரண்டில் ஒன்றுதான். உருளைக்கிழங்கு வறுவலும் அப்பளமும் காய்க் கணக்கில் சேராது. முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பாருங்கள். பொதுவாக 180-க்குள் இருந்தால் அந்த அளவு உங்களுக்கு ஒத்துப்போகிறது.

இனிப்பைவிட எனக்குக் கவலை தருவது கிளிமிபிரைடுதான். மதியம் சாப்பிடப் போகிறோமே என்று மாத்திரை போட்டுவிட்டுக் காலை டிபனை விடாதீர்கள். பந்தி தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுங்கி வியர்த்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். அந்த நேரத்தில் லட்டு உதவாது, நெய் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.