நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள், கடைக்கு யார் வந்தார்கள்?

சிறு கடைகளுக்கு இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கங்களை நடத்தித் தருகிறேன். மாதப் பேக்கேஜில் 12 பதிவு வைக்கலாமா, 20 வைக்கலாமா? கவர் படம் இலவசமாகத் தரலாமா? ரீச் நாற்பதாயிரம் காட்டியும் ஒருவர் நம்பாமல் மூன்றாம் மாதமே நிறுத்திவிட்டார். மனசு விட்டுப்போகிறது.
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைக்காரர் வாரம் இரண்டு படம்தான் அனுப்புவார் என்றால் எட்டுப் பதிவுக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். மிச்சத்தைக் காலை வணக்கம் போட்டுத்தான் நிரப்புவீர்கள். கவர் படம் உங்கள் இஷ்டம்.

மனசு விடாதீர்கள். ஆனால் அந்த மனிதர் எதற்காக நம்ப வேண்டும்? இன்சைட்ஸில் பார்வையாளர்களின் ஊர்ப் பட்டியலை ஒருதரமாவது திறந்தீர்களா? கடைக்கு வந்துபோக முடியாத ஊர்கள் மேலே நின்றால், உங்கள் நாற்பதாயிரம் வெறும் வேடிக்கை பார்த்த கூட்டம். அதைக் கொண்டுபோய்க் கல்லாவில் இருப்பவரிடம் நீட்டியது உங்கள் தப்பு.

அவருக்குப் புரிவது விசாரிப்புக் கணக்கு. அதற்கு ஒவ்வொரு இடத்துக்கும் தனி வாட்ஸ்அப் இணைப்பு வையுங்கள்:

```
https://wa.me/NUMBER?text=INSTA1
```

NUMBER இருக்குமிடத்தில் நாட்டுக் குறியீட்டோடு எண் வரும். கூட்டல் குறி, முன்னால் பூஜ்யம், இடைவெளி எதுவும் கூடாது. பயோவுக்கு INSTA1, ஸ்டோரி ஸ்டிக்கருக்கு INSTA2, ஃபேஸ்புக்குக்கு FB1. இன்ஸ்டாகிராம் பதிவின் கேப்ஷனில் போட்டால் இணைப்பு அழுத்த வராது, அங்கே வீண். வாடிக்கையாளர் தட்டியதும் அந்தச் சொல் தானாக நிரம்பி நிற்கும். மாதக் கடைசியில் கடையின் வாட்ஸ்அப்பில் INSTA1 என்று தேடி எண்ணினால் போதும். சிலர் அதை அழித்துவிட்டு அனுப்புவார்கள், சிலர் நேரே கடைக்கே வந்துவிடுவார்கள். ஆகவே இந்த எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வேலை தொடங்குவதற்கு முந்தைய நான்கு வாரக் கணக்கும் வேண்டும். பழைய அரட்டைகளைப் புரட்டி, புது எண்களிலிருந்து வந்தவற்றை மட்டும் எண்ணுங்கள். இது இல்லாமல் பிறகு எதைக் காட்டினாலும் "முன்பும் இப்படித்தானே வந்தது" என்பார், அதற்குப் பதில் இருக்காது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முன்பு நான்கு வாரத்தில் 12 புது விசாரிப்பு. இப்போது 31, அதில் INSTA1 போன்ற சொல்லோடு வந்தவை 17. வாங்கியவர்கள் முன்பும் 5, இப்போதும் 5. பக்கம் ஆளைக் கொண்டுவந்துவிட்டது, வியாபாரம் அதற்கப்புறம் எங்கோ நின்றிருக்கிறது. அந்த 31 அரட்டைகளிலும் கேள்வி வந்த நேரத்தையும் பதில் போன நேரத்தையும் குறித்துப் பாருங்கள். பாதிக்கு மறுநாள்தான் பதில் போயிருந்தால் கோளாறு அங்கேதான். விலை கேட்டவர் மறுநாள்வரை காத்திருப்பாரா?

அடுத்த மாத அறிக்கையை ஒரே பக்கத்தில் கொடுங்கள்: விசாரிப்பு, வாங்கியவர், பதில் போக எடுத்த நேரம். ரீச்சைக் கடைசி வரியில் போட்டுக்கொள்ளுங்கள்.