‘வலைப் பங்கு’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

‘வலைப் பங்கு’ கதையைப் படித்தேன். தண்டையார்பேட்டையில் வளர்ந்தவன் நான், ஆனால் எங்கள் வீட்டில் யாரும் கடலுக்குப் போனதில்லை. கதை பிடித்திருந்தது. சில சந்தேகங்கள் மட்டும் போகவில்லை. மீனவர் வீட்டுப் பையன் தினேஷ் ஏன் படகா, டிப்ளமாவா என்று தவிக்க வேண்டும்? விடிகாலையில் கடலுக்குப் போய்விட்டு அப்புறம் காலேஜ் போகலாம். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகலாம். மீன்பிடித் தடைக்காலமே இரண்டு மாதம் இருக்கிறதே? நடுவில் மீன் விற்ற பணத்தைப் பிரிக்கும் பங்குக் கணக்கு ஒரு முழுப் பக்கம் வருகிறது, அங்கே கதை நின்றுவிடுவது போல் இருந்தது. முதல் பக்கத்திலேயே “என்னோட போவட்டும் இந்தப் பொழப்பு” என்று சொல்கிற அப்பா, பையனுக்குத் தரமணி பாலிடெக்னிக்கில் சீட் கிடைத்ததும் வாயே திறக்காததும் எனக்குப் புரியவில்லை. கடைசியில் பையன் என்னதான் முடிவெடுத்தான்?

– செல்வம்

அன்புள்ள செல்வம்,

கணக்குப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால் கதையில் மிஞ்சுவது கடலை நேசிக்கும் ஒரு பையனும் வேலைக்குப் போக ஆசைப்படும் ஒரு பையனும்தான். அப்படி ஒரு கதையை நான் எழுத நினைக்கவில்லை. தினேஷின் வீட்டில் யாரும் கடலை நேசிப்பதைப் பற்றிப் பேசுவதில்லை, பங்கைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

கதையில் வருவது ஒரு பைபர் படகு. அதில் போவது அப்பா, தாய்மாமன், தினேஷ் என்று மூன்று பேர். ஒரு நல்ல நாளில் 9,000 ரூபாய்க்கு மீன் ஏலம் போகிறது. ஏலக்காரர் நூற்றுக்கு ஐந்து என்று 450 ரூபாய் எடுத்துக்கொள்கிறார். எண்ணெய், ஐஸ், சாப்பாடு என்று 2,350 போனால் கையில் நிற்பது 6,200. இதை ஐந்தாகப் பிரிக்கிறார்கள்: ஆளுக்கு ஒன்றாக மூன்று பங்கு, படகுக்கும் இன்ஜினுக்கும் சேர்த்து ஒன்று, வலைக்கு ஒன்று. ஒரு பங்கு 1,240 ரூபாய். மாமனின் பங்கு போக மற்ற நான்கும், அதாவது 4,960 ரூபாய், தினேஷின் வீட்டுக்கே வருகிறது. அவன் தரமணிக்குப் படிக்கப் போய்விட்டால் அவன் இடத்தில் வெளி ஆள் ஒருவர் ஏற வேண்டும். அப்போது வீட்டுக்கு மூன்று பங்குதான், 3,720 ரூபாய். பிரிக்கும் முறை குப்பத்துக்குக் குப்பம், வலைக்கு வலை மாறும். நான் கதையில் எடுத்துக்கொண்டது இது.

இதுவரை பார்த்தால் படிப்புக்கு விலை நாளொன்றுக்கு 1,240 ரூபாய் என்றுதான் தோன்றும். உண்மையான விலை நல்ல நாளில் இல்லை, மோசமான நாளில்தான் இருக்கிறது. ஏலத்தில் 2,400 ரூபாய் மட்டும் கிடைக்கிற நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏலக்காரரின் 120 போனால் 2,280. செலவு அதே 2,350. எழுபது ரூபாய் துண்டு விழுகிறது, பங்கு என்று பிரிக்க எதுவும் இல்லை. மகன் அன்றைக்கு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் படுப்பான். வெளி ஆளை அப்படி அனுப்ப முடியாது. அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். படகுக்காரர்தான் கைச்செலவுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். இப்படி நாலு நாள் போனால் அவர் வேறு படகுக்குப் போய்விடுவார். அவரைப் பிடித்து வைக்க முன்பணம் தர வேண்டும், அந்தப் பணத்துக்கு மறுபடி ஏலக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

அம்மா கூடையைக் கழுவி வெளியே கவிழ்த்து வைத்துக்கொண்டே சொல்லும் ஒரு வரி ஞாபகம் இருக்கிறதா? “மீனு இருக்கற நாளுக்கு ஆள் கெடைக்கும், இல்லாத நாளுக்கு யாரு வர்றது?” அந்தக் கணக்குப் பக்கமே அவளுக்காக எழுதியதுதான். வீட்டின் வரவு செலவு அவள் கையில் இருக்கிறது. மகன் என்பவன் கூலி கேட்காத ஆள் என்பதைத் தெளிவாக அறிந்தவள் அவள் ஒருத்திதான். அதை அறிந்துகொண்டேதான் அவனை காலேஜ் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறாள்.

நீங்கள் சொன்ன வழிகளைத் தினேஷும் யோசிக்கிறான். விடிகாலை யோசனை நேரக்கணக்கில் அடிபடுகிறது. இரண்டு, மூன்று மணிக்குப் புறப்படும் படகு கரைக்கு வர எட்டு, ஒன்பது ஆகிவிடும். அதற்கப்புறம் ஏலம், வலையிலிருந்து மீன் எடுப்பது, கிழிசல் பார்ப்பது என்று வேலை இருக்கிறது. திருவொற்றியூரில் ரயில் ஏறி, பீச்சில் இறங்கி, பறக்கும் ரயில் பிடித்துத் தரமணி போய்ச் சேர்வதற்குள் முதல் இரண்டு வகுப்புகள் முடிந்திருக்கும். பாலிடெக்னிக்கில் தேர்வு எழுதக் குறைந்தபட்ச வருகை வேண்டும். கொஞ்சம் குறைந்தால் அபராதம் கட்டிச் சமாளிக்கலாம். தினமும் பாதி நாளை விட்டால் எந்த அபராதமும் காப்பாற்றாது.

ஞாயிறு யோசனை இதைவிடப் பரவாயில்லை. காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை கூட்டமும் விலையும் உங்களுக்கே தெரியும். கதையில் தினேஷ் கொஞ்ச நாள் அதைச் செய்யவும் செய்கிறான். அங்கே ஒரு சின்னக் காட்சி வருகிறது. இருட்டில் வலையை இறக்கிக்கொண்டிருக்கும்போது மிதவைகள் நேராகப் போகாமல் ஒரு பக்கமாக வளைகின்றன. “இன்னாடா தண்ணி?” என்று மாமா கேட்கிறார். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கடல் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி, தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி என்பது சின்ன வயதிலிருந்தே அவனுக்குத் தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை எது ஓடியது, சனிக்கிழமை எவ்வளவு தணிந்தது என்று தெரியாதவனுக்கு இன்றைய நீர் இன்னும் ஏறுமா, அடங்குமா என்று சொல்ல வழியில்லை. நீர் இழுப்பு அதிகமானால் வலை விரிந்து நிற்காது, முறுக்கிக்கொண்டுவிடும். அதைப் பிரிக்கவே அன்றைய பொழுது போய்விடும். வாரத்துக்கு ஒரு நாள் வருகிறவன் வலை இழுக்க உதவுவான். வலையை எங்கே போடுவது என்பதை அவன் கையில் விட முடியாது. அந்தக் கேள்விக்குப் பிறகு மாமா அவனிடம் எதுவும் கேட்பதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

தடைக்காலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் பலரும் இதைத் தவறாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அது விசைப்படகுகளுக்கு. நாட்டுப்படகும் பைபர் படகும் கரையோரத்தில் போய்க்கொண்டுதான் இருக்கும். பெரிய படகுகள் எல்லாம் கட்டிக் கிடப்பதால் மார்க்கெட்டுக்கு வரும் மீன் குறைகிறது, விலை ஏறுகிறது. ஒரு கூடை சங்கராவுக்கு மற்ற மாதங்களில் கிடைக்காத விலை அப்போது கிடைக்கும். அதாவது பைபர் படகு வைத்திருக்கும் வீட்டுக்குக் கொஞ்சம் மூச்சு விடக் கிடைக்கும் காலமே அதுதான். பாலிடெக்னிக் செமஸ்டர் தேர்வும் ஏப்ரலில்தான் தொடங்குகிறது. தினேஷ் தேர்வு அறையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் படகுக்கு அவன் அதிகமாகத் தேவைப்படுகிறான். கதையை ஏப்ரலில் முடித்ததற்கு இதுதான் காரணம்.

அப்பாவின் மௌனத்துக்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. இந்தப் பிழைப்பு தன்னோடு போகட்டும் என்பது அவருடைய உண்மையான ஆசை. அரசு காலேஜில் கட்டணமும் பெரிய சுமை இல்லை. பிளஸ் டூ முடித்தவன் என்பதால் தினேஷ் நேராக இரண்டாம் வருஷம் சேர்கிறான், படிப்பு இரண்டு வருஷம்தான். அந்த இரண்டு வருஷத்தை அப்பா எப்படியோ மனசுக்குள் தாங்கிக்கொண்டுவிட்டார். அவரை ஊமையாக்குவது அதற்கு அப்புறம் வரும் ஒரு வருஷத் தொழில் பழகுநர் பயிற்சி. 2019-இல் வந்த விதி டிப்ளமா முடித்தவருக்கு வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். மணலியில் ஒரு கம்பெனியில் அந்த 8,000-த்துக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பையனை அப்பா தினமும் பார்க்கிறார். ஒரு வாரம் நன்றாக மீன் பட்டால் ஒரு பங்கிலேயே வந்துவிடும் பணம் அது.

ஆனால் அதே அப்பா ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்து வாரக்கணக்கில் படகைக் கட்டிப்போட்டவர். அந்த மாதங்களில் பங்கு என்று ஒன்று இல்லவே இல்லை என்பதும், மணலிப் பையனுக்கு அப்போதும் 8,000 வருகிறது என்பதும் அவருக்குத் தெரியும். படகை விற்றுவிடலாம் என்றால் அதில் ஏலக்காரர் கொடுத்த ஒன்றரை லட்சம் நிற்கிறது. அந்தக் கடனுக்குத் தவணை கிடையாது. படகு ஓடுகிறவரை மீனை அவரிடமே ஏலத்துக்கு வைக்க வேண்டும், நிறுத்தினால் மொத்தமாகத் திருப்ப வேண்டும். இதில் எந்தப் பக்கம் வாயைத் திறந்தாலும் மகனுக்கு அது உத்தரவாகிவிடும். “போ” என்றால் கடனைச் சொல்லாமல் மறைத்ததாகும். “இரு” என்றால் தான் இத்தனை வருஷம் சொன்னதைத் தானே அழித்ததாகும். அவர் பேசாமல் வலையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அவர் மேல் மிகுந்த மரியாதை உண்டு.

முடிவை நான் மறைக்கவில்லை, செல்வம். கடைசிப் பத்தியை இன்னொரு முறை பாருங்கள். ஏலம் முடிந்து அம்மா வழக்கம்போல் ஐந்து பங்காகப் பணத்தை அடுக்குகிறாள். மூன்றாவது அடுக்கை எடுத்துக்கொள்வது எர்ணாவூரிலிருந்து வந்த ஒருவர். அவரைத் தேடிப் பிடித்து வந்தது தினேஷ். அவருக்குக் கொடுத்த முன்பணம் அவன் ஞாயிற்றுக்கிழமைப் பங்குகளைச் சேர்த்து வைத்தது. மோசமான நாளில் அவருக்கு எவ்வளவு கைச்செலவு தருவது என்பதையும் அப்பாவை உட்காரவைத்துப் பேசி முடித்திருக்கிறான். தன் இடத்துக்கு ஆள் வைத்துவிட்டுத்தான் அவன் தேர்வு எழுதப் போகிறான். தேர்வில் அவன் என்ன ஆனான் என்று எழுத வேண்டும் என எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றை மட்டும் கதைக்கு வெளியே சொல்கிறேன். மாமாவுக்கு வயது 54, முட்டி வலி வந்துவிட்டது. அவரும் கரையேறினால் படகுக்கு வெளி ஆள் இரண்டு பேர் வேண்டும். மோசமான நாளில் இரண்டு பேருக்குக் கைச்செலவு கொடுத்து அந்த அளவுப் படகை ஓட்ட முடியுமா என்பதுதான் அந்த வீட்டின் அடுத்த கேள்வி. மாமாவின் கதையாக அதை எழுதத் தொடங்கியிருக்கிறேன்.